தேத்தண்ணி விலை அசையாமல் நிற்கும்போது

வெருகல் பக்கம் இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கு நாங்கள் நாலு பேர் ஒரு விடியக்காலையில் போயிருந்தோம். களப்பு கடலோடு சேருகிற இடம். முதல் தோணி கரைக்கு வந்தபோது மீனுக்கு ஒரு விலை சொன்னார்கள். மூன்றாவது தோணி வந்து சேர்ந்ததும் அதே மீன் கிலோவுக்கு இருநூறு ரூபாய் இறங்கிவிட்டது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வாங்க வந்த வியாபாரிகள் ஒருத்தரும் கோபப்படவில்லை, விற்றவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மீன் விலை எண்டால் அப்படித்தான்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்து வந்து ஒரு தேத்தண்ணிக்கடையில் இருந்தோம். சுவரில் விலைப்பலகை. வெறுந்தேத்தண்ணி 50. அந்த 50 ஒரு சின்ன வெள்ளைக் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தது. அதுக்குக் கீழே இன்னொரு கடதாசி, அதுக்கும் கீழே இன்னொன்று. "எப்ப அண்ணன் கடைசியா மாத்தினீங்க?" எண்டு கேட்டோம். "எனக்கே ஞாபகமில்ல தம்பி. வருசம் தாண்டியிருக்கும்" எண்டார். அந்த ஒரு வருசத்தில் சீனி விலை எத்தனை தரம் மாறியது, காஸ் எத்தனை தரம் மாறியது, கறண்ட் பில் எத்தனை தரம் மாறியது! ஆனால் 50 அப்படியே நிற்கிறது.

நூறு யார் தூரத்துக்குள் இரண்டு விலைகள். ஒன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் அசைகிறது, மற்றது வருசக்கணக்காக அசையவில்லை. ஏன்?

எங்களில் பலருக்கு இதுக்கு ஒரு ஆயத்த பதில் இருக்கிறது. "கடைக்காரன் விலையை ஏத்துவான், ஒருநாளும் இறக்கமாட்டான்." 2022இலிருந்து இந்த வசனத்தைச் சொல்லாத வீடு திருகோணமலையில் இல்லை. அந்தக் கோபத்தில் பாதி சரி, பாதி பிழை எண்டுதான் நாங்கள் சொல்ல வருகிறோம். எந்தப் பாதி சரி எண்டு தெரியாமல் கோபப்பட்டால் கோபம் பிழையான ஆளில்தான் போய் விழும்.

முதலில் பலகையைப் பார்ப்போம். விலையை மாற்றுவதுக்கே ஒரு செலவு இருக்கிறது. பொருளியலில் இதை மெனு செலவு என்பார்கள். சாப்பாட்டுக்கடை ஒன்று விலையை மாற்றினால் மெனு அட்டையைத் திரும்ப அச்சடிக்கவேணும், அதிலிருந்து வந்த பெயர் இது. அந்தச் செலவுக்குப் பயந்து மாறாமல் நிற்கிற விலையை ஒட்டுவிலை எண்டு சொல்லலாம். கேட்க விளையாட்டாக இருக்கும். ஒரு துண்டுக் கடதாசியும் ஒரு பேனையும் என்ன பெரிய செலவு?

அமெரிக்காவில் டானியல் லெவியும் அவருடன் சேர்ந்தவர்களும் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளுக்குள் போய் இதை உண்மையாகவே அளந்தார்கள். 1997இல் அந்த ஆய்வு வெளிவந்தது. விலைச்சீட்டை அச்சடித்து, தட்டுத் தட்டாகப் போய் மாற்றி, பிழை பார்த்து முடிக்க ஒரு விலை மாற்றத்துக்குச் சராசரியாக 52 சதம் டொலர் போனது. முழு வருசத்துக்கும் கூட்டிப் பார்த்தால் விற்பனையில் 0.7 வீதம். குறைவுதானே எண்டு தோன்றும். ஆனால் சுப்பர்மார்க்கெட்டின் தேறிய இலாபமே மெல்லியது. அந்த இலாபத்தோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாக விலை ஒட்டவேணும் எண்டு சட்டம் இருந்த இடத்தில் இயங்கிய ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாற்றத்துக்கு 1.33 டொலர் போனது. அந்த நிறுவனம் மற்றவைகளைவிடப் பாதிக்கும் குறைவான பொருள்களுக்குத்தான் விலை மாற்றியது. செலவு கூடினால் விலை கூடுதலாக ஒட்டும் எண்டதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இலங்கைத்துறைக் கடையில் சீட்டு ஒட்டுகிற செலவு ஒன்றுமேயில்லை. அங்கே இருப்பது வேறு செலவு. அந்த அண்ணனே சொன்னார். "கடதாசிக்கு என்ன தம்பி, அஞ்சு ரூபா. விடிய வாற பத்துப்பேருக்கு ஏன் கூட்டினனான் எண்டு பதில் சொல்லோணுமே, அதுதான் ஏலாது."

இதையும் அளந்திருக்கிறார்கள். 2004இல் வந்த ஒரு ஆய்வு, ஒரு பெரிய உற்பத்தி நிறுவனம் விலை மாற்றும்போது என்னவெல்லாம் செய்கிறது எண்டு பின்தொடர்ந்து பார்த்தது. விலைப்பட்டியல் அச்சடிப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேலான செலவு, உள்ளே கூடிக் கதைத்து முடிவெடுப்பதில் போனது. இருபது மடங்குக்கும் மேலான செலவு, வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்துவதிலும் பேரம்பேசுவதிலும் போனது. கடதாசி சும்மா. வாய்தான் செலவு.

எங்கட ஊர்க் கடைகளில் இன்னொரு செலவும் இருக்கிறது, அது எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வராது. கடன் கொப்பி. தொழிலுக்குப் போகிற ஆள் கிழமை முழுக்கக் கொப்பியில் எழுதிக் குடித்துவிட்டு, காசு வந்ததும் கட்டுவார். புதன்கிழமை விலையைக் கூட்டினால் அந்தக் கணக்கில் பாதி பழைய விலை, பாதி புது விலை. தர்க்கம் வரும். கோபித்துக்கொண்டு போனவர் பழைய கடனையும் சேர்த்துக்கொண்டுதான் போவார். கொப்பி வைத்திருக்கிற கடைக்கு விலையைத் தொடுவதே பயம்.

இப்ப மீனைத் திரும்பிப் பாருங்கள். கரையில் பலகை இல்லை, கொப்பி இல்லை. ஒவ்வொரு தோணிக்கும் எப்படியும் பேரம்பேசத்தான் வேணும், ஆகவே விலையை மாற்றத் தனியாக ஒரு செலவும் இல்லை. மத்தியானம்வரை வைத்திருந்தால் மீன் பழுதாகிவிடும், ஆகவே விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் ஏலாது. நேற்று இதே விலைக்குத் தந்தாயே எண்டு கேட்பதற்கு அது நேற்றைய மீனும் இல்லை. ஒரு விலை ஒட்டுமா ஓடுமா எண்டதை முடிவுசெய்வது விற்கிறவரின் குணம் இல்லை. அந்தப் பொருள் விற்கப்படுகிற முறைதான்.

இனி ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். எங்களுக்குத் தெரிந்த உண்மையான ஒரு செலவு ஏற்றத்தை எடுப்போம். 2023 நவம்பர் தொடக்கத்தில் அரசாங்கம் சீனி இறக்குமதிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாயாகக் கூட்டியது. அதாவது ஒரே இரவில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 ரூபாய் ஏற்றம். செய்தியைக் கேட்ட எல்லாருக்கும் நெஞ்சு பதறியது.

ஒரு கடை ஒரு நாளைக்கு 150 வெறுந்தேத்தண்ணி விற்கிறது எண்டு வைப்போம். கோப்பைக்கு 12 கிராம் சீனி. 150 கோப்பைக்கு 1.8 கிலோ. கிலோவுக்கு 50 ரூபாய் கூடினால் கடைக்கு நாளுக்கு 90 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு கோப்பைக்கு 60 சதம். அவ்வளவுதான்.

60 சதத்தை எப்படி விலையில் கூட்டுவது? 50 ரூபாய் 60 சதம் எண்டு எழுத ஏலாது. சதக் காசு இப்ப ஒருத்தர் கையிலும் இல்லை. நடைமுறையில் தேத்தண்ணி விலை பத்துப் பத்தாகத்தான் ஏறும். ஆகவே கடைக்காரருக்கு முன்னால் இரண்டே வழி. 60 சதத்தைத் தானே தாங்குவது, அல்லது 10 ரூபாய் கூட்டுவது.

கூட்டினால் இலாபம்தானே எண்டு கேட்பீர்கள். பார்ப்போம். தேத்தண்ணி குடிக்க வருகிறவர் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போவதில்லை. ஒரு வடை, ஒரு ரோல்ஸ், ஒரு வாய்ப்பன் எண்டு எடுப்பார். எல்லாம் சேர்த்து ஒரு ஆளிடம் கடைக்கு 60 ரூபாய் மிஞ்சுகிறது எண்டு வைப்போம். 150 பேருக்கு 9,000 ரூபாய். விலையைக் கூட்டாமல் சீனிச் செலவைத் தாங்கினால் 90 ரூபாய் போக 8,910 கையில் நிற்கும். கூட்டினால் ஒரு ஆளிடம் மிஞ்சுவது, சீனிச் செலவு போக, 69 ரூபாய் 40 சதம். 150 பேரும் வந்தால் கொள்ளை இலாபம்தான். ஆனால் 22 பேர் பக்கத்துக் கடைக்குப் போனால் மிச்சம் 128 பேர், மொத்தம் 8,883 ரூபாய். கூட்டாமல் இருந்ததைவிடக் குறைவு.

22 பேர் எண்டால் ஏழு பேரில் ஒருத்தர். பக்கத்துக் கடையில் இன்னும் 50 எண்டு எழுதியிருந்தால் ஏழு பேரில் ஒருத்தர் போகமாட்டாரா? போவார். ஆகவே கடைக்காரர் பலகையைத் தொடாமல் 90 ரூபாயை விழுங்கிக்கொள்கிறார். அதில் நல்ல மனசும் இல்லை, கெட்ட மனசும் இல்லை. அவர் கணக்கு அப்படி.

ஆனால் செலவு அங்கேயே நிற்பதில்லை. அடுத்த மாசம் காஸ், அதுக்கடுத்து கறண்ட், பிறகு தேயிலை. ஒவ்வொன்றும் 60 சதம், ஒரு ரூபாய் எண்டு கோப்பையின் அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. கோப்பைக்கு ஆறு ரூபாய் சேர்ந்தால் நாளுக்கு 900, மாசத்துக்கு 27,000. அதைத் தாங்க ஏலாது. அது பக்கத்துக் கடைக்காரருக்கும் ஏலாது. எல்லாருக்கும் தண்ணி கழுத்துக்கு வந்திருக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு செய்தி வரும். வெதுப்பக உரிமையாளர் சங்கமோ சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கமோ விலை கூடுகிறது எண்டு அறிவிக்கும். அண்டைக்கு எல்லாக் கடையும் சேர்ந்து கூட்டும். தனியக் கூட்டினால் ஆள் போய்விடும், சேர்ந்து கூட்டினால் போக இடமில்லை. அந்த அறிவிப்பின் வேலையே அதுதான்.

எங்கட கோபத்தில் பிழையான பாதி இங்கேதான் இருக்கிறது. அண்டைக்கு நாங்கள் என்ன சொல்லுவோம்? "சீனி கிலோவுக்கு இருபது ரூபாதானே கூடினது, ஒரு தேத்தண்ணிக்குப் பத்து ரூபா கூட்டுறானே, அறுதப்பழசான கொள்ளை!" ஆனால் அந்தப் பத்து ரூபாய் அண்டைய சீனிக்கானது இல்லை. போன எட்டு மாசத்தில் சேர்ந்ததுக்கும், இனி அடுத்த தரம் பலகையைத் தொடும்வரை சேரப்போவதுக்கும் சேர்த்துத்தான் அது. விலை அரிதாக மாறினால், மாறும்போது பெரிதாகத்தான் மாறும். ஒன்றில்லாமல் மற்றது வராது. மெதுவாக ஏறுகிற விலை வேணும் எண்டால் கரையில் மீன் வாங்குவது மாதிரி ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக்குப் பேரம்பேச ஆயத்தமாக இருக்கவேணும்.

2022இல் என்ன நடந்தது எண்டும் இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். 92 ஒக்டேன் பெற்றோல் 2021 டிசம்பர் கடைசியில் 177 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு இறக்குமதியாகிற எல்லாமே ஏறியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்தக் காலத்தில் விலைகள் ஒட்டவில்லை. சாதாரண காலத்தில் எட்டு மாசம் எடுத்துச் சேர்கிற ஆறு ரூபாய் அப்ப இரண்டு கிழமையில் சேர்ந்தது. பலகையில் விலை எழுதுவதையே விட்ட கடைகளை எங்கட நகரத்தில் நாங்கள் கண்டிருக்கிறோம். கேட்டால் வாயால் சொல்வார்கள். தேத்தண்ணிக்கடை மீன்கரை மாதிரி ஆன காலம் அது. செலவு மெல்ல ஏறும்போது ஒட்டுகிற விலை, வேகமாக ஏறும்போது ஒட்டாது.

அப்ப ஏன் இறங்கவில்லை? பெற்றோல் 2023 ஜூனில் 318 ரூபாய்க்கு வந்தது. 2024 செப்டம்பரில் பணவீக்கமே பூச்சியத்துக்குக் கீழே போனது, 2025 பெப்ரவரியில் -4.2 வீதம். தேத்தண்ணி மட்டும் கீழே வரவில்லையே.

இதுக்கு ஒரு பகுதி பதிலை லோரன்ஸ் போலும் கிரெகரி மான்கிவும் 1994இல் சொன்னார்கள். பொதுவாக விலைகள் ஏறுகிற நாட்டில், விலையை இறக்கவேண்டிய ஒரு கடைக்காரர் சும்மா இருந்தாலே போதும். கொஞ்ச நாளில் செலவு ஏறிவந்து தானாகவே அந்த விலைக்குப் பக்கத்தில் நிற்கும். பலகையை மாற்றுகிற செலவும் மிச்சம். ஆனால் விலையை ஏற்றவேண்டிய கடைக்காரர் சும்மா இருந்தால் நிலைமை ஒவ்வொரு நாளும் மோசமாகும், அவர் மாற்றியே ஆகவேணும். ஆகவே ஏற்றம் உடனே வரும், இறக்கம் காத்திருக்கும். அதோடு, இறங்கியதும் எல்லாம் இல்லை. 4 வீதம் எண்டால் 50 ரூபாயில் 2 ரூபாய். பத்து ரூபாய்ப் படியில் இறங்குகிற விலைக்கு இரண்டு ரூபாய் ஒரு காரணமே இல்லை. வாடகையும் அடுப்படியில் நிற்கிறவரின் சம்பளமும் திரும்பி 2021க்குப் போகவும் இல்லை.

இதுவரை நாங்கள் கடைக்காரருக்காகக் கதைத்தது மாதிரி இருக்கும். இனி கோபத்தின் சரியான பாதி.

அதே சீனி வரியின் முந்தின கதையைப் பாருங்கள். 2020 ஒக்டோபரில் அந்த வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கிலோவுக்கு 49 ரூபாய் 75 சதம் குறைந்திருக்கவேணும். கடையில் சீனி அந்த அளவுக்குக் குறையவில்லை. நாலு மாசத்துக்குள் அரசு இழந்த வரி ஏறத்தாழ 1,590 கோடி ரூபாய் எண்டு நாடாளுமன்றத்தின் பொது நிதி பற்றிய குழுவில் பேசப்பட்டது. நாடு முழுக்க அதைச் சீனி மோசடி எண்டு சொன்னது. பிறகு 2023 நவம்பரில் வரி திரும்ப ஏறியபோது சீனி விலை உடனே பாய்ந்தது, வரி ஏறமுதல் இறக்கின சீனிக்கும் சேர்த்து. நுகர்வோர் அதிகார சபை அவசரமாக அதிகபட்ச சில்லறை விலை விதிக்கவேண்டி வந்தது.

இதுக்கு மெனு செலவு ஒரு சாட்டு ஆகுமா? ஆகாது. தேத்தண்ணிக்கடைக்காரருக்கு அந்த வரிக்குறைப்பு கோப்பைக்கு 60 சதம், அவரால் இறக்க ஏலாது எண்டது உண்மை. ஆனால் கப்பலில் ஆயிரக்கணக்கான தொன் இறக்குகிறவருக்கு ஒரே ஒரு விலைதான். அதை மாற்ற ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஏற்றும்போது ஒரே நாளில் மாற்ற முடிந்தது எண்டதே, மாற்றுகிற செலவு ஒரு தடையே இல்லை எண்டதுக்குச் சாட்சி. அங்கே இறக்கம் வராததுக்குக் காரணம், இறக்காவிட்டால் வாங்குகிறவர் போகிறதுக்கு வேறு இடம் இல்லை எண்டதுதான். அதுக்குப் பெயர் போட்டியின்மை. ஒட்டுவிலை இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நாங்கள் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறோம். ஒரு விலை ஏறும்போதும் தாமதித்து ஏறி, இறங்கும்போதும் தாமதித்து இறங்கினால் அது ஒட்டுவிலை. ஏறும்போது அண்டைக்கே ஏறி, இறங்கும்போது மட்டும் மாசக்கணக்கில் தூங்கினால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. பொருள் பெரிய அளவில் கைமாறுகிற இடத்தில், கிலோக் கணக்கில் விலை சொல்கிற இடத்தில், விற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய இடத்தில் அப்படி நடந்தால் அங்கேதான் கேள்வி கேட்கவேணும். சந்தியில் கெற்றிலோடு நிற்கிற மனுசனிடம் இல்லை.

ஆனால் அந்த மனுசனின் கடையிலும் நாங்கள் பார்க்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது. விலை அசையாமல் நிற்கிறது எண்டால், அசையவேண்டியது வேறு எங்கோ அசைந்திருக்கிறது எண்டு அர்த்தம். 1985இல் மான்கிவ் சொன்ன விசயம் இதுதான். பலகையை மாற்றாமல் விடுவதால் ஒரு கடைக்கு வருகிற இழப்புச் சின்னது, ஆனால் அதனால் மற்றவர்களுக்கு வருகிற இழப்புப் பெரியதாக இருக்கலாம். ஆட்களின் கையில் காசு குறைந்து, விலை இறங்காவிட்டால், விற்பனை இறங்கும். விற்பனை இறங்கினால் கடையில் நிற்கிற இரண்டாவது பொடியனுக்கு வேலை இல்லை.

செலவு ஏறும்போதும் இதேதான். பாணை எடுங்கள். கோதுமை திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறது, 1980இலிருந்து இயங்குகிற பிறிமா ஆலையில் மாவாகிறது. விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் அரைக்கிற மாவில் இந்தப்பக்கம் பாண் சுடுகிறார்கள். மா விலை ஏறி, பாண் விலையைத் தொட ஏலாமல் இருந்தால் வெதுப்பகம் எதைத் தொடும்? நிறையை. ஒரு இறாத்தல் பாண் எண்டு வாங்குவது 450 கிராம் இருக்கவேணும். எத்தனை பேர் நிறுத்துப் பார்த்திருக்கிறோம்? 2024 பெப்ரவரியில் அரசாங்கம் முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் எண்டு வர்த்தமானியில் போட்டு, நிறையைக் காட்டி வைக்கவேணும் எண்டும் சொல்லவேண்டி வந்தது. விலைப்பலகையில் மாறாத விலை தராசில் மாறியிருந்தது. வடையின் சுற்றளவும் தேத்தண்ணிக் கோப்பையின் உயரமும் இப்படித்தான் மாறுகின்றன. கடதாசி ஒட்டாமல் கூட்டுகிற விலை அது.

கடைசியாக ஒன்று. அதுதான் எங்களுக்கு ஆக முக்கியமாகப் படுகிறது. சம்பளமும் ஒரு விலைதான். எங்கட உழைப்பின் விலை. எல்லா விலைகளிலும் ஆக இறுக்கமாக ஒட்டுவது அதுதான், ஏனெண்டால் அதை மாற்றுகிற செலவு முழுவதும் கேட்கிறவர் தலையில். முதலாளியிடம் போய் வாய் திறக்கவேணும், இல்லை எண்டால் வேலையை விடவேணும். அந்தத் தேத்தண்ணியில் இருக்கிற தேயிலையைப் பறித்தவரைப் பாருங்கள். மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது. அடுத்த மாற்றம் 2024 செப்டம்பரில், 1,350 ரூபாயாக. இடையில் மூன்றரை வருசம். அந்த இடைவெளிக்குள்தான் 2022 முழுவதும் வந்து போனது. பெற்றோல் விலை மாசா மாசம் திருத்தப்பட்ட நாட்டில், கொழுந்தின் விலைப்பலகையை மூன்றரை வருசம் ஒருத்தரும் தொடவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு விசயம். விலைக்குச் சட்டம் போடுகிறவர்கள் பலகையில் உள்ள எண்ணைப் பிடித்து நிறுத்துவதில் காட்டுகிற அவசரத்தை, இறக்குமதியில் எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் எண்டு பார்ப்பதில் காட்டட்டும். ஒரு விலையை ஒரு பக்கம் அமத்தினால் அது நிறையில் வெளிவரும், இல்லாவிட்டால் சம்பளத்தில் வெளிவரும். மற்றது, எரிபொருள் விலைக்கு மாசத்துக்கு ஒரு திகதி இருப்பது மாதிரி, சம்பளத்துக்கும் வருசத்துக்கு ஒரு திகதி இருக்கட்டும். திகதி ஒன்று இருந்தால் கேட்கிற செலவு இல்லாமல் போகும். சங்கத்தின் அறிவிப்பு கடைக்காரருக்குச் செய்கிற உதவியை, அந்தத் திகதி வேலை செய்கிறவருக்குச் செய்யும்.

இலங்கைத்துறைக் கடையில் காசு கொடுத்துவிட்டு எழும்பும்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் கதை கொடுத்தோம். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். பலகையைக் காட்டி, இந்தக் கடதாசி மாத்தினபிறகு உங்கட சம்பளம் மாத்தினவங்களா எண்டு கேட்டோம். சிரித்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். அண்ணனும் எங்களைப் பார்த்துச் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. "அடுத்த கடதாசி ஒட்டேக்க பாப்பம்" எண்டார்.

அடுத்த தரம் அந்தப் பக்கம் போகும்போது 60 எண்டு ஒட்டியிருந்தால் நாங்கள் சண்டை பிடிக்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தம்பியிடம் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்போம்.